மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டமும் கால்மன் வடிகட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகள். மொட்டை மாடியில் கான்கிரீட்டில் கட்டிய ஒரே தொட்டி. உள்ளளவு இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அதாவது, மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 50 லிட்டர் ஏறியிருக்கிறது என்று பொருள். தரையிலிருந்து 118 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்தோடும் குழாய் இருக்கிறது. கீழே சம்ப், அதிலிருந்து மோனோபிளாக் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் ஏற்றும். மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானாக ஓட வேண்டும், 115 சென்டிமீட்டர் வந்தால் தானாக நிற்க வேண்டும். இவ்வளவுதான் தேவை.

தொட்டியின் மூடிக்கு அடியில், தரையிலிருந்து சரியாக 150 சென்டிமீட்டர் உயரத்தில், நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். அது ஒலித்துடிப்பை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும். 150-இலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்தால் நீர்மட்டம். இந்த வகைச் சென்சாருக்கு மிக அருகில் இருப்பது தெரியாது. 25 சென்டிமீட்டருக்குள் வரும் எதிரொலியை நம்ப முடியாது என்பதால்தான் வழிந்தோடும் மட்டத்துக்கு மேல் 32 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். நிமிடத்துக்கு ஓர் அளவீடு, கணக்கிட அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் ஒரு ரிலே.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சிக்கல் தெரிந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் தொட்டியில் பாதிகூட இல்லை, ஆனால் மோட்டார் நின்றிருந்தது. பதிவைப் புரட்டியபோது ஓர் அளவீடு மட்டும் 117 என்று இருந்தது. அதற்கு முந்தையது 56, பிந்தையது 59. தொட்டிக்குள் இறங்க வைத்திருக்கும் இரும்பு ஏணியின் மேல்படி சென்சாருக்கு 33 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எப்போதாவது ஒரு துடிப்பு அந்தப் படியில் பட்டுத் திரும்பி, 'தொட்டி நிரம்பிவிட்டது' என்று சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட தவறான அளவீடு இல்லாத நேரத்திலும் எண்கள் நிலையாக இல்லை. 72, 75, 70, 73 என்று ஆடிக்கொண்டே இருந்தன. நீர் உண்மையில் அப்படி ஆடவில்லை.

எந்த மின்னணுக்காரரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது 'கடைசிப் பத்து அளவீடுகளின் சராசரியை எடு' என்பதுதான். அதைத்தான் நானும் முதலில் செய்தேன். ஆட்டம் அடங்கியது. ஆனால் பத்து நிமிடச் சராசரி என்பது நடுவில் இருக்கும் நிமிடத்தின் மட்டத்தைத்தான் சொல்கிறது, அதாவது நாலரை நிமிடத்துக்கு முந்தைய செய்தி. மோட்டார் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்றும்போது, நாலரை நிமிடம் என்பது நாலரை சென்டிமீட்டர். 115-க்கும் 118-க்கும் நடுவே இருப்பது மூன்றே சென்டிமீட்டர். அதனால், ஆடும் அளவீடுகளிலிருந்து உண்மை மதிப்பை மதிப்பிடும் கால்மன் வடிகட்டியிடம் போனேன்.

கணிப்பும் திருத்தமும்

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்த முறை இது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டலில் இது பயன்பட்டதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே அணிகளும் திசையன்களும் நிறைந்திருக்கும். ஒரே ஓர் எண்ணைத் தொடர்வதற்கு அவை எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல், ஒரு வகுத்தல் போதும்.

வடிகட்டி தன் நினைவில் இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒன்று `x`, நீர்மட்டம் இவ்வளவு என்று இப்போது நம்பும் மதிப்பு. மற்றொன்று `P`, அந்த நம்பிக்கையின் ஐயம். பள்ளிக் கணக்கில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தோமே, அதுதான் `P`. அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம், அதாவது சென்டிமீட்டரில் சொல்லக்கூடிய ஐயம். பழைய அளவீடுகளைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. அவை சொன்னதெல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள் வந்துவிட்டது.

ஒவ்வொரு நிமிடமும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது கணிப்பு: ஒரு நிமிடம் ஓடிவிட்டது, இந்த ஒரு நிமிடத்தில் மட்டம் எங்கே போயிருக்கும்? யார் எந்தக் குழாயைத் திறந்தார்கள் என்று தெரியாததால் ஐயம் கொஞ்சம் கூடுகிறது. `P`-யுடன் `Q` என்ற எண்ணைக் கூட்டுகிறோம். இரண்டாவது திருத்தம்: சென்சார் `z` என்று ஓர் எண்ணைத் தருகிறது. கணிப்பையும் அளவீட்டையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ற எடையில் கலக்கிறோம். அளவீட்டின் ஐயம் `R`. அளவீட்டின் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சொல்லும் பின்னம் `K = P / (P + R)`. நம் ஐயம் பெரிதாக இருந்தால் `K` ஒன்றை நெருங்கும், சென்சார் சொல்வதை அப்படியே ஏற்போம். நம் ஐயம் சிறிதாக இருந்தால் `K` பூஜ்யத்தை நெருங்கும், சென்சார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் மட்டும் நகர்வோம்.

மிச்சம் இருப்பது `R`, `Q` இரண்டுக்கும் எண் கொடுப்பது. இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் இவற்றுக்கு 0.01, 0.1 என்று ஏதாவது போட்டிருப்பார்கள். அந்த எண்கள் அவர்கள் தொட்டிக்கு உரியவை, அல்லது எந்தத் தொட்டிக்கும் உரியவை அல்ல. என் தொட்டிக்கு நானே அளந்தேன். ஒரு ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்கு, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வை ஒரு மணி நேரம் மூடினேன். மோட்டாரும் ஓடவில்லை. நீர் அசையாமல் இருந்த அந்த அறுபது நிமிடத்தில் வந்த அறுபது அளவீடுகளின் திட்ட விலக்கம் 2 சென்டிமீட்டர். ஆகவே `R = 4`. அந்த 2 சென்டிமீட்டரில் நீருக்குப் பங்கில்லை. முழுக்கச் சென்சாரும் நீண்ட கேபிளும் கான்கிரீட் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து உண்டாக்கிய இரைச்சல்.

`Q`-வை அளக்க முடியாது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் என் கணிப்பு எவ்வளவு தவறக்கூடும்? காலை நேரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே சமயம் குழாய் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் போகலாம். அது 0.4 சென்டிமீட்டர். அதன் வர்க்கம் 0.16. ஆகவே `Q = 0.16`.

முதல் நான்கு நிமிடம்

எண்களைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் இந்த முறை மனத்தில் பதியாது. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டது இது. தொடக்கத்தில் மட்டம் என்னவென்று தெரியாது. நடுவாக 60 என்று வைத்து, ஐயத்தைத் தாராளமாக 30 சென்டிமீட்டர் என்று எடுத்தேன், அதாவது `P = 900`. மோட்டார் ஓடவில்லை.

முதல் அளவீடு 72. கணிப்பில் `P` 900.16 ஆகிறது. `K` என்பது 900.16-ஐ 904.16-ஆல் வகுத்தது, 0.996. அளவீட்டுக்கும் கணிப்புக்கும் வேறுபாடு 12. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் ஏற்று `x` 71.95 ஆகிறது. நான் வைத்த 60 ஒரே அடியில் மறைந்துவிட்டது. தொடக்க மதிப்பு தவறாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம்; தெரியாது என்பதை `P`-யில் நேர்மையாகச் சொல்லியிருந்தால் போதும். `P`-யை `1 - K`-ஆல் பெருக்கினால் புதிய `P` 3.98.

இரண்டாவது அளவீடு 75. `P` 4.14, `K` 0.51. இப்போது வடிகட்டி தன்னையும் சென்சாரையும் ஏறக்குறைய சமமாக நம்புகிறது. வேறுபாடு 3.05-இல் பாதியை ஏற்று 73.50-க்கு வருகிறது, `P` 2.03 ஆகச் சுருங்குகிறது. மூன்றாவது 70: `K` 0.35, `x` 72.26. நான்காவது 73: `K` 0.28, `x` 72.47, `P` 1.13. சென்சார் ஐந்து சென்டிமீட்டர் வரை தாவியபோது, மதிப்பீடு ஒன்றரை சென்டிமீட்டர்தான் நகர்ந்தது.

இப்படியே போனால் பதினைந்தாவது நிமிடம் அளவில் `K` 0.18-இல் வந்து நிலைத்துவிடுகிறது, `P` 0.72-இல். அதன் வர்க்கமூலம் 0.85 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் ஆட்டத்தை 0.85 ஆகக் குறைத்திருக்கிறோம். கவனிக்க வேண்டியது, `P`-யும் `K`-யும் சென்சார் என்ன சொன்னது என்பதைப் பொறுத்தவையே அல்ல; `Q`, `R`, தொடக்க `P` மூன்றும் தெரிந்தால் அளவீடு வருவதற்கு முன்பே அவற்றைக் கணக்கிட்டுவிடலாம். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தது. உலகம் நான் நினைத்தபடி நடக்கவில்லை என்றாலும் `P` 0.72 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அழகான கோடு, வழிந்த தொட்டி

வரைபடத்தில் பார்த்தபோது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சென்சாரின் எண்கள் மேலும் கீழும் சிதறிக் கிடக்க, அவற்றின் நடுவே வழவழப்பான ஒரு கோடு. ஏணிப்படியின் 117 வந்தபோதும் கோடு எட்டு சென்டிமீட்டர் எழும்பி, கால் மணி நேரத்தில் அடங்கியது, மோட்டார் நிற்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாடி வீட்டு அக்கா, "தம்பி, தினமும் மோட்டார் நிற்பதற்கு முன்னால் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கிறதே" என்றார். மறுநாள் டார்ச்சும் எஃகு அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். மோட்டார் ஓடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாடாவின் நுனி நீரைத் தொட்டபோது 102. கைப்பேசித் திரையில் வடிகட்டி 97.6 என்றது. பத்து நிமிடம் கழித்து நாடாவில் 112, திரையில் 107.3. ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் பின்தங்கியே வந்தது. இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காரணம் கணிப்பில் இருந்தது. 'ஒரு நிமிடம் முன்பு எவ்வளவோ, இப்போதும் அவ்வளவே' என்றுதான் கணித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடும்போது அது பச்சைப் பொய். நீர் ஒவ்வொரு நிமிடமும் ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது. வடிகட்டி ஒவ்வொரு நிமிடமும் வேறுபாட்டில் 0.18 பங்கை மட்டுமே ஏற்கிறது. அந்த 0.18 பங்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சமமாகும் வரை பின்தங்கல் வளரும். ஒன்றை 0.181-ஆல் வகுத்தால் 5.5, திருத்தத்துக்கு முன் வேறுபாடு அவ்வளவு இருக்கும், திருத்தத்துக்குப் பின் 4.5. நாடா சொன்னதும் அதுவே. விட்டுவிட்டு வந்த பத்து நிமிடச் சராசரியின் பின்தங்கலும் இதே 4.5 என்பதைப் பார்த்தபோது மனம் சோர்ந்தது. நீர் 118-ஐ எட்டி வழியத் தொடங்கும்போது வடிகட்டி 113.5-இல் நிற்கும், அதன்பின் மட்டம் உயராததால் மெல்லப் பிடித்து, மூன்றாவது நிமிடத்தில்தான் 115-ஐத் தாண்டும். ஒவ்வொரு முறையும் 150 லிட்டர் நல்ல தண்ணீர் மாடியில் கொட்டியது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் `Q`-வைக் கூட்டுவார்கள். நானும் கூட்டிப் பார்த்தேன். `Q`-வையும் 4 ஆக்கினால் `K` 0.62 ஆகிறது, பின்தங்கல் 0.6 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஆனால் ஐயம் 0.85-இலிருந்து 1.57 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது; ஏணிப்படியின் ஒரே ஒரு தவறான எதிரொலி மதிப்பீட்டை 28 சென்டிமீட்டர் தூக்கிவிடும். அப்படியானால் வடிகட்டி எதற்கு? `Q` என்பது தெரியாதவற்றுக்கான இடம். மோட்டார் ஓடுகிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம். ரிலேயை இயக்குவதே என் நிரல்தான். தெரிந்ததைத் தெரியாததுபோல் நடத்தியதுதான் பிழை. ஆனால் அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதற்கு முன் இன்னொரு தவறு செய்தேன்.

வாசலில் காவல் வைத்தேன்

பழைய `Q`-வுக்கே திரும்பி, நிறுத்தும் மட்டத்தை 115-இலிருந்து 110 ஆகக் குறைத்துவிட்டு, ஏணிப்படியின் எட்டு சென்டிமீட்டர் எழும்பலை ஒழிக்க முனைந்தேன். அதற்கு எல்லோரும் கையாளும் வழி உண்டு. அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு இருக்கலாம் என்று வடிகட்டிக்கே தெரியும்: அதன் விலக்க வர்க்கச் சராசரி `S = P + R`. நிலைத்த பிறகு, `Q`-வைக் கூட்டிய `P` 0.88 என்பதால் `S` 4.88, வர்க்கமூலம் 2.21 சென்டிமீட்டர். அதன் மூன்று மடங்கு 6.6 சென்டிமீட்டர். வேறுபாடு அதைத் தாண்டினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடு. கணிப்பு 72 ஆக இருக்கும்போது 117 வந்தால் வேறுபாடு 45; சந்தேகமே இல்லாமல் தள்ளலாம். பகலெல்லாம் நன்றாக வேலை செய்தது.

அன்று மாலை மோட்டார் ஓடியபோது நடந்ததைப் பதிவிலிருந்து சொல்கிறேன். பதினைந்து நிமிடத்தில் பின்தங்கல் வளர்ந்து, வேறுபாடுகள் 5.5-ஐச் சுற்றி ஆடத் தொடங்கின. 4.1, 6.2, 5.0. அடுத்தது 7.3. இது 6.6-ஐத் தாண்டிவிட்டது, தள்ளப்பட்டது. தள்ளியதால் மதிப்பீடு நகரவில்லை, நீரோ இன்னொரு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. அடுத்த வேறுபாடு 6.9, அதுவும் வெளியே. அதற்கடுத்தது 8.8. அதன்பின் ஒரு அளவீடுகூட உள்ளே வரவில்லை. தள்ளும் ஒவ்வொரு முறையும் `P` 0.16 கூடுவதால் வாசல் மெல்ல அகலும் என்பது உண்மை. ஆனால் பத்து நிமிடத்தில் அது 6.6-இலிருந்து 7.6 வரைதான் அகன்றது, நீர் அதற்குள் பத்து சென்டிமீட்டர் ஏறிவிட்டது. மதிப்பீடு 52-இல் உறைந்து நின்றது. சென்சார் 90, 100, 118 என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது; வடிகட்டி அத்தனையையும் ஏணிப்படி என்று தள்ளிக்கொண்டே இருந்தது. குடியிருப்புக் காவலர் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தியபோது அரை மணி நேரம் வழிந்திருந்தது. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நாள்கள் நினைவில் இருப்பவர்களுக்கு அது சாதாரண எண் அல்ல. எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வேறுபாடுகளைப் படிக்க வேண்டும்

அந்த இரவில்தான் முதல் நாளிலிருந்தே பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்த்தேன். மதிப்பீட்டின் வழவழப்பைப் பார்ப்பதில் பயனில்லை. எந்தத் தவறான வடிகட்டியும் வழவழப்பான கோட்டைத் தரும். பார்க்க வேண்டியது அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின் வரிசையை. கணிப்பு சரியாக இருந்தால் அவை பூஜ்யத்தின் இரு பக்கமும் சமமாகச் சிதற வேண்டும். மூன்றில் இரண்டு ±2.2-க்குள் இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக வந்தால் அடுத்ததும் கூடுதலாக வரும் என்று ஊகிக்க முடியக் கூடாது.

மோட்டார் ஓடாத நேரத்து வரிசை: −1.4, 2.0, 0.3, −2.6, 1.1, −0.5. ஒழுங்கே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்து வரிசை: 3.9, 6.1, 5.2, 7.0, 4.4, 5.8. எல்லாம் ஒரே பக்கம். வடிகட்டி ஒவ்வொரு நிமிடமும் ஒரே மாதிரியான தவறைச் செய்து, ஒவ்வொரு நிமிடமும் அதை எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறது. வேறுபாட்டில் ஒழுங்கு தெரிந்தால், கணிப்பில் சேர்க்க வேண்டிய ஏதோ ஒன்று வெளியே நிற்கிறது என்று பொருள்.

வெளியே நின்றது மோட்டார். திருத்திய நிரல் இவ்வளவுதான்:

```
float x = 60, P = 900;
const float Q = 0.16, R = 4.0, RISE = 1.0;
int rejected = 0;

void step(float z, bool motorOn) {
  if (motorOn) x += RISE;
  P += Q;
  float y = z - x;
  float S = P + R;
  if (y * y > 9 * S) {
    if (++rejected >= 5) P = 900;
    return;
  }
  rejected = 0;
  float K = P / S;
  x += K * y;
  P *= (1 - K);
}
```

`RISE` என்பது மோட்டார் ஓடும் ஒரு நிமிடத்தில் ஏறும் சென்டிமீட்டர். இதை மட்டும் சேர்த்ததும் ஓடும் நேரத்து வேறுபாடுகள் மறுபடி பூஜ்யத்தின் இரு பக்கமும் சிதறத் தொடங்கின. `Q` மாறவில்லை, `K` மாறவில்லை, ஐயம் அதே 0.85. பின்தங்கல் மட்டும் போய்விட்டது. மோட்டாரின் வேகம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. மின்னழுத்தம் குறைந்து நிமிடத்துக்கு 0.8 சென்டிமீட்டர்தான் ஏறுகிறது என்றால், கணிப்பின் தவறு 0.2; அதனால் வரும் பிழை நாலரையில் ஐந்தில் ஒரு பங்கு, 0.9 சென்டிமீட்டர். 115-க்கே திரும்பிப் போனேன். ஒரு வாரம் நாடாவோடு உட்கார்ந்து பார்த்தேன். நின்ற மட்டம் ஒரு நாளும் 116.5-ஐத் தாண்டவில்லை.

மட்டத்தோடு அதன் வேகத்தையும் இரண்டாவது அறியா எண்ணாக வைத்து வடிகட்டியையே கண்டுபிடிக்கச் சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம். ஆனால் மோட்டார் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வேகம் ஒரே நொடியில் மாறுகிறது. அதை 2 சென்டிமீட்டர் இரைச்சலுக்குள்ளிருந்து கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், நிற்கும்போது மேலே தாண்டிப் போய்த் திரும்பி வரும். ரிலேயின் நிலை கையில் இருக்கும்போது அதை ஊகிக்கச் சொல்வது தேவையற்ற சுற்று. வீடுகளின் பயன்பாட்டைத்தான் என்னால் அறிய முடியாது. காலையில் 20 லிட்டர் வேகத்தில் நீர் போகும்போது மதிப்பீடு உண்மையைவிட 1.8 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. 40-இல் மோட்டாரைத் தொடங்குவதற்கு அது ஒரு பொருட்டே அல்ல, விட்டுவிட்டேன்.

நிரலில் இருக்கும் ஐந்து என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் காவல் வைத்தால், காவலரே தவறாக இருக்கும் நாளுக்கு ஒரு பின்கதவும் வைக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து அளவீடுகள் தள்ளப்பட்டால் `P` மறுபடி 900 ஆகிறது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற நிலைக்கு வடிகட்டி திரும்புகிறது. ஆறாவது அளவீட்டை அப்படியே ஏற்கிறது. தொட்டியைக் கழுவ நீரைத் திறந்துவிட்ட நாளில் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஏணிப்படி தொடர்ந்து ஐந்து முறை எதிரொலித்தால் ஆறாவதையும் நம்பிவிடும். அதற்கு நிரலில் மருந்து தேடவில்லை. சென்சாரை ஏணியிலிருந்து இரண்டரை அடி தள்ளி மாற்றிப் பொருத்தினேன். தள்ளப்படும் அளவீடுகள் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தன.

வடிகட்டியால் ஆகாதது

நாடாவில் பார்த்த எண்கள் காலையில் நன்றாகப் பொருந்தின; மே மாத நண்பகலில் பொருந்தவில்லை. நாடா 70 என்றால் திரை 72.4 என்றது. வேறுபாடுகளின் வரிசையோ குறையே சொல்லவில்லை. வடிகட்டியின் பார்வையில் எல்லாம் சரி.

ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு கூடுகிறது. டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர். எதிரொலி நேரத்தைத் தூரமாக்க, மைக்ரோ நொடியை 58-ஆல் வகுக்கும் வழக்கமான கணக்கைத்தான் நானும் எழுதியிருந்தேன். அதற்குள் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் என்ற வேகம் ஒளிந்திருக்கிறது. வெயிலில் காய்ந்த மூடியின் அடியில் காற்று 40 டிகிரி இருந்தால் உண்மை வேகம் 355. ஒலி சீக்கிரம் திரும்புகிறது, தூரம் குறைவாகத் தெரிகிறது, மட்டம் கூடுதலாகத் தெரிகிறது. 80 சென்டிமீட்டர் தூரத்தில் தவறு 2.4 சென்டிமீட்டர், 120 லிட்டர்.

ஆட்டத்தைத்தான் சராசரி தின்னும். எல்லா அளவீடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வடிகட்டிக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வெயில் மெல்ல ஏறுவதால் வேறுபாடுகளிலும் அது தெரியாது; மட்டமே மெல்ல ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளும். `P` அப்போதும் 0.85 சென்டிமீட்டர் ஐயம்தான் என்று உறுதியாகச் சொல்லும். அந்த எண்ணை 'என் பிழை இவ்வளவுதான்' என்று படிக்கக் கூடாது. 'நீ சொன்ன இரைச்சல் மட்டுமே இருந்தால் என் பிழை இவ்வளவு' என்று படிக்க வேண்டும். தொட்டியின் மூடிக்கு அடியில் ஒரு வெப்பநிலைச் சென்சாரைத் தொங்கவிட்டு, வேகத்தை அதன்படி கணக்கிட்டு, சரியான `z`-ஐ வடிகட்டிக்குக் கொடுத்ததும் நண்பகல் வித்தியாசம் நீங்கியது.

பிறகு ஒரு மாதம் கழித்து, மோட்டார் ஓடும் நேரத்து வேறுபாடுகளின் சராசரியை நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. வழக்கமாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் அந்தச் சராசரி, மூன்று நாளாக −1.1 என்று இருந்தது. ஒரு தனி வேறுபாடு 2.2 சென்டிமீட்டர் ஆடும், அதில் 1.1 தெரியவே தெரியாது. ஆனால் ஒரு நிரப்பலில் நான் எடுத்துக்கொள்வது நாற்பது அளவீடுகள்; அவற்றின் சராசரி 0.35-க்கு மேல் ஆடக் கூடாது. −1.1-ஐ 0.18-ஆல் பெருக்கினால் −0.2: மோட்டார் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் 0.8 தான் ஏற்றுகிறது, 50 லிட்டருக்குப் பதில் 40. ஓசையில் மாற்றம் இல்லை, யாரும் குறை சொல்லவில்லை. பிளம்பரை அழைத்துச் சம்பிலிருந்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். ஃபுட் வால்வின் சல்லடையில் பாதியை ஒரு பால் பாக்கெட் உறை மூடியிருந்தது.